தேர்வு வாயிலும் உடற்கருவிகளும்

மருத்துவக் கல்லூரிக்குரிய நுழைவுத் தேர்வு போன்ற பெருந்தேர்வுகள் நடைபெறும் நாள்களில், தேர்வு நிலையத்தின் வாயிலில் மாணவர்கள் நீண்ட வரிசையாக நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாயிலிலுள்ள காவலர் கையில் குறுந்தடி போன்ற கருவி ஒன்று இருக்கும். அதனை அவர் ஒவ்வொருவர் உடலையும் ஒட்டித் தோள் முதல் கணுக்கால் வரை நகர்த்துவார். உலோகம் எதிர்ப்பட்டால் அக்கருவி ஒலி எழுப்பும். ஒலித்த இடத்தில் இருப்பது சட்டைப் பொத்தானாயின் நொடிப்பொழுதில் ஐயம் தீர்ந்துவிடும். அங்கிருப்பது காதின் பின்னே அமைந்த செவித்துணைக் கருவியாகவோ, மார்பின் தோலுக்கடியில் வைக்கப்பட்ட இதய முடுக்கியாகவோ, இடுப்பில் மாட்டிய இன்சுலின் பம்பாகவோ இருந்தால் என்ன நேரும்? அதனைத்தான் இப்பாடத்தில் காணப் போகிறோம்.

இத்துணைக் கடுமையான சோதனை ஏன் ஏற்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். 2015-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் அகில இந்திய மருத்துவ முன்னுழைவுத் தேர்வு நடைபெற்றது. சட்டைக்குள் மறைத்த மின்கருவிகள் வாயிலாகவும், காதுக்குள் செருகிய நுண்ணிய ஒலிப்பான்கள் வாயிலாகவும் தேர்வு எழுதுவோருக்கு விடைகள் அனுப்பப்பட்டன என்பது பின்னர் வெளியாயிற்று. உச்ச நீதிமன்றம் ஜூன் மாதம் 15-ஆம் நாள் அத்தேர்வைத் தள்ளுபடி செய்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஜூலை மாதம் 25-ஆம் நாள் மறுதேர்வு நடத்த வேண்டியதாயிற்று. உடைகளுக்கும் உடைமைகளுக்கும் கடுமையான விதிகள் அம்மறுதேர்வின்போது வகுக்கப்பட்டன. அதற்குப்பின் வந்த நீட் தேர்விலும் அவை தொடர்ந்தன. புளூடூத் கருவி, காதில் அணியும் ஒலிப்பான், உடல்நலம் காட்டும் கைப்பட்டை ஆகியவை தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளன. செவித்துணைக் கருவி பார்வைக்குக் காது ஒலிப்பானைப் போன்றது. சர்க்கரை அளவைக் காட்டும் உணர்கருவியோ உடல்நலப் பட்டையின் உறவுபோலத் தோன்றுவது. ஆகவே, வாயிலில் நிற்பவர் ஐயுறுவதில் வியப்பில்லை.

அவர் கையிலுள்ள கருவி எவ்வாறு உலோகத்தைக் கண்டறிகிறது? அதனுள்ளே செப்புக்கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அச்சுருளில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுருளைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. உலோகப் பொருள் அப்புலத்துக்குள் வந்தால், அப்பொருளுக்குள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றும். அவை தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்கும். அதனைச் சுருள் உணர்ந்து ஒலி எழுப்புகிறது. உலோகம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. மின்சாரத்தைக் கடத்தினால் போதும். கருவி சொல்வது அவ்வளவே. அவ்வுலோகம் வஞ்சகக் கருவியா, உயிர்காக்கும் கருவியா என்பதை அது கூறாது. அதனைக் கூற வேண்டியது மாணவர் முன்கூட்டி அனுப்பிய கடிதம்.

இம்மூன்று கருவிகளுக்கும் வாயிலில் நேரக்கூடிய இடர் ஒரே வகையானதன்று. செவித்துணைக் கருவிக்கு உலோகங்காட்டியால் தீங்கில்லை. அதற்கு வரும் இடரெல்லாம் ஐயத்தினால் வருவது. இதய முடுக்கிக்கு உலோகங்காட்டியால் சிறிது இடர் உண்டு. இன்சுலின் பம்புக்கோ, உலோகங்காட்டியைவிட அதனைக் கழற்றச் சொல்லும் கட்டளையே பெரிய இடர். விண்ணப்பத்தில் எதனை எழுத வேண்டும் என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமையும்.

செவித்துணைக் கருவியில் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, காதுக்குள் ஒலியைச் செலுத்தும் சிறு ஒலிப்பான், மின்கலம் ஆகிய நான்கும் உள்ளன. தேர்வு மோசடிக்குப் பயன்படும் காது ஒலிப்பானில் ஒலிவாங்கி இராது. ஆதலால் இரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி ஒன்று உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் செவித்துணைக் கருவியை உள்ளங்கையில் வைத்து மூடினால், பெரும்பாலும் அது கீச்சென்று ஊதல் ஒலி எழுப்பும். ஒலிப்பான் வெளியிட்ட ஒலியை ஒலிவாங்கி மீண்டும் வாங்கிப் பெருக்குவதால் எழும் ஒலி அது. புதிய கருவிகள் சிலவற்றில் இவ்வூதலை அடக்கும் அமைப்பு இருப்பதால், ஊதவில்லை என்பதைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனக் கொள்ளல் தகாது.

ஐயுறுவோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இக்காலச் செவித்துணைக் கருவிகள் பலவற்றில் புளூடூத் இணைப்பு இருக்கிறது. காந்த அலை வாயிலாக ஒலியை ஏற்கும் தனிச்சுருள் உடைய கருவிகளும் உண்டு. எனவே, 'இது செவித்துணைக் கருவி' என்று மட்டும் எழுதினால் போதாது. கம்பியில்லா இணைப்பு அதில் உண்டா, தேர்வு நேரத்தில் அதனை எவ்வாறு நிறுத்தலாம் என்பதையும் செவித்திறன் வல்லுநரின் சான்றிதழ் சொல்லுதல் வேண்டும். விமானப் பயணத்துக்காக இணைப்பை மட்டும் நிறுத்தும் வசதி பல கருவிகளில் உள்ளது. அதனை இயக்கும் முறையை மாணவர் முன்னரே பழகிக்கொண்டால், வாயிலில் நின்று தேடித் தடுமாற வேண்டியதில்லை.

'எழுத்துத் தேர்வுதானே, காது எதற்கு?' என்று கேட்டுக் கருவியைக் கழற்றி வைக்கச் சொல்வோர் உண்டு. வினாத்தாளில் அச்சுப்பிழை இருந்தால் திருத்தம் வாய்மொழியாகவே அறிவிக்கப்படும். இன்னும் அரைமணி நேரம் உள்ளது என்பதும் அவ்வாறே சொல்லப்படும். ஆகவே கருவியை அணிந்திருக்க ஒப்புதல் கேட்பதோடு, ஒருவேளை மறுக்கப்படின் முன்வரிசையில் இடமும், அறிவிப்புகளை எழுதிக்காட்டும் ஏற்பாடும் வேண்டுமென்று அதே கடிதத்தில் கேட்டுவிடுதல் நன்று.

இனி இதய முடுக்கியைக் காண்போம். பிறவியிலேயே இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் செல்லாத குறையுடையோர் சிலர், இளமையிலேயே இக்கருவியைப் பெறுகின்றனர். டைட்டேனியம் உறைக்குள் மின்கலமும் மின்சுற்றும் அமைந்திருக்கும்; அங்கிருந்து மெல்லிய கம்பி இதயத்துக்குச் செல்லும். பெரியவர்களுக்குக் கழுத்துப்பட்டை எலும்பின் கீழே இதனை வைப்பது வழக்கம். சிறு குழந்தைகளுக்கோ வயிற்றுப் பகுதியில் வைப்பதுண்டு. சிறு வயதில் கருவி பெற்ற மாணவருக்கு அது வயிற்றிலேயே இருக்கலாம். காவலர் அதனை ஊகிக்க வழியில்லை. இடத்தைக் குறிப்பிட்டு எழுதுதல் இன்றியமையாதது.

இக்கருவி இதயத்தின் இயல்பான துடிப்பை எப்போதும் உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. துடிப்பு வந்தால் தான் வாளா இருக்கும். வாராவிட்டால் தூண்டல் தரும். அது கேட்கும் மின்னலையின் அளவு ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கேயாகும். வெளியிலிருந்து வரும் மின்காந்த அலையை இதயத் துடிப்பென்று அது தவறாகக் கொண்டால், தர வேண்டிய தூண்டலைத் தராமல் இருந்துவிடக்கூடும். உலோகங்காட்டியைப் பற்றிய அச்சத்துக்குக் காரணம் இதுவே. ஆயினும் அவ்வச்சம் பெரிதன்று. 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், இதயக் கருவி பொருத்தப்பட்ட 388 பேருடைய கருவியின்மீது கையடக்க உலோகங்காட்டியை அரை நிமிட நேரம் வைத்துப் பார்த்தனர். ஒருவருக்கேனும் கருவியின் இயக்கம் பிறழவில்லை.

அவ்வாறாயினும், கருவியின்மேல் உலோகங்காட்டியை நெடுநேரம் வைத்திருத்தலும், திரும்பத் திரும்பக் கொண்டுவருதலும் கூடாது என்றே மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். கதவுச்சட்டம் போன்று நிற்கும் உலோகங்காட்டியாயின், இயல்பான நடையில் அதனைக் கடந்து செல்லலாம். அதனடியில் நிற்பதும், அதன்மேல் சாய்வதும் தவறு. வரிசை நகராமல் சட்டத்தின் அருகே நிற்க நேரின், இரண்டடி பின்வாங்கி நிற்க வேண்டும். தலைச்சுற்றலோ படபடப்போ தோன்றினால் உடனே விலகிச் செல்ல வேண்டும். விலகிய அளவில் கருவி தன் பழைய இயக்கத்துக்குத் திரும்பிவிடும். மருத்துவமனையில் தரப்பட்ட கருவி அட்டையில் செய்தவர் பெயர், மாதிரி, வரிசை எண், பொருத்திய நாள் ஆகியன இருக்கும். அதன் படியை விண்ணப்பத்தோடு அனுப்பி, உலோகங்காட்டிக்கு மாறாகக் கையால் தடவிச் சோதிக்குமாறு கேட்கலாம். சோதனையே வேண்டாவென்று கேட்பதைவிட, வேறு வகையில் சோதியுங்கள் என்று கேட்பது எளிதில் ஏற்கப்படும்.

இன்சுலின் பம்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. முதல் வகை நீரிழிவு உடையோரின் உடலில் இன்சுலின் ஏறத்தாழச் சுரப்பதேயில்லை. பம்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மிகச் சிறிய அளவு இன்சுலினை மெல்லிய குழாய் வழியே தோலுக்கடியில் செலுத்துகிறது. அதில் இருப்பது விரைவில் வேலை செய்து விரைவில் தீர்ந்துபோகும் இன்சுலின். நாள் முழுதும் நிலைத்து நிற்கும் இன்சுலின் ஊசியைப் பம்பு அணிந்தோர் பெரும்பாலும் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே பம்பைக் கழற்றினால், சில மணி நேரத்தில் உடலில் இன்சுலினே இல்லாத நிலை உண்டாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்தது. 1.30 மணிக்கு வாயில் அடைக்கப்பட்டது. பம்பு அணிந்த மாணவி ஒருத்தி, கூட்டத்துக்கு அஞ்சி 11.30 மணிக்கே உள்ளே செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாயிலில் அவளைப் பம்பைக் கழற்றித் தந்தையிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்கின்றனர். அவள் வெளியே வந்து அதனை மீண்டும் அணியும்போது மணி 5.30 ஆகிவிடும். ஆறு மணி நேரம் இன்சுலின் இல்லை. முதல் ஒரு மணி நேரம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வினாத்தாள் கைக்கு வரும் வேளையில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கும். 3 மணியளவில் நா வறளும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அதன்பின் உடல் கொழுப்பை எரிக்கத் தலைப்பட்டு, இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் சேரும். குமட்டலும் வயிற்று வலியும் அதன் அடையாளங்கள். அவற்றைத் தேர்வுப் பயம் என்று கண்காணிப்பாளர் எண்ணிவிடக் கூடும். அந்நிலை முற்றினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

பம்பைக் கழற்றுதல் இவ்வளவு தீங்கானது என்பது வாயிலில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவருக்கு அது குழாயோடு கூடிய ஒரு மின்பெட்டி. அதனால்தான் மருத்துவர் சான்றிதழில், 'இக்கருவி நீரிழிவுக்கு உரியது' என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. அது பின்வருமாறு அமைதல் வேண்டும்: 'இம்மாணவி முதல் வகை நீரிழிவு உடையவர். இடுப்பில் அணிந்துள்ள இன்சுலின் பம்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றுதல் கூடாது. மேற்கையில் ஒட்டியுள்ள உணர்கருவியைப் பிரித்தெடுத்தால் மீண்டும் ஒட்ட இயலாது. பம்பின் மாதிரியும் வரிசை எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன. உலோகங்காட்டியால் சோதிக்கலாம், எக்ஸ் கதிர்ப் பெட்டிக்குள் இட வேண்டா. தேர்வின்போது சர்க்கரை அளவு குறைந்தால் இனிப்பு வில்லைகளை உண்ண வேண்டியிருக்கும்.' எக்ஸ் கதிர் பம்பின் உள்ளமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று பம்பு செய்வோர் பலர் எச்சரிக்கின்றனர். உலோகங்காட்டியைப் பற்றி அத்தகைய தடை பெரும்பாலும் இல்லை. கழற்றக் கூடிய நேரத்தை மணிக்கணக்கில் எழுதுவது முதன்மையானது. எண்ணைக் கண்டால் அதிகாரி முடிவெடுப்பார். 'மிகவும் தேவையானது' என்ற சொல்லைக் கண்டால் தயங்குவார்.

கடிதத்தால் தீராத தொல்லை ஒன்றும் உண்டு. உணர்கருவி காட்டும் அளவைப் பலர் தம் கைப்பேசியிலேயே பார்க்கின்றனர். கைப்பேசியைத் தேர்வுக் கூடத்துக்குள் கொண்டுசெல்ல ஒப்புதல் கிடைக்குமென்று எதிர்பார்த்தல் வீண். அளவைப் பம்பின் திரையிலேயே பார்க்கும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்தலாம். இல்லையேல் விரல்நுனியில் ஊசி குத்திச் சோதிக்கும் சிறு கருவியையும் அதற்குரிய பட்டைகளையும் கண்காணிப்பாளரிடம் வைத்திருக்க ஒப்புதல் கேட்க வேண்டும். பம்பும் உணர்கருவியும் எச்சரிக்கை ஒலி எழுப்புவன. அவ்வொலியை அதிர்வாக மாற்றி வைக்கலாம். எனினும் சர்க்கரை 55-க்குக் கீழே இறங்கும்போது எழும் எச்சரிக்கையை முழுதும் நிறுத்த முடியாத கருவிகளும் உள. அமைதியான கூடத்தில் திடீரென ஒலி எழுந்தால் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். ஒலி எழலாம் என்பதையும் முன்னரே எழுதிவிட்டால், அறைக் கண்காணிப்பாளர் அதனைக் கேட்டு மிரளமாட்டார்.

சர்க்கரை 70-க்குக் கீழே சென்றால் 15 கிராம் சர்க்கரை உண்டு, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதித்துப் பார்ப்பது மருத்துவ முறை. எந்த இனிப்பைக் கொண்டுசெல்லலாம் என்பதில் விதிகள் ஒத்திருப்பதில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, நீரிழிவுடைய மாணவர்களுக்குச் சர்க்கரை வில்லை, சாக்லேட்டு, பழம், சாண்ட்விச் ஆகியவற்றை ஒப்புக்கொண்டது. பொறியியல் கல்விக்குரிய ஜே.இ.இ. தேர்வின் அறிவிப்பு ஏடுகளோ சர்க்கரை வில்லையையும் பழத்தையும் ஒப்புக்கொண்டு, சாக்லேட்டையும் சாண்ட்விச்சையும் விலக்கின. ஒரு தேர்வில் செல்லுபடியானது மற்றொன்றில் செல்லாது. ஒவ்வோராண்டின் அறிவிப்பு ஏட்டையும் புதிதாகப் படித்தே தீர வேண்டும். சர்க்கரை வில்லை இரண்டிலும் இடம்பெற்றிருப்பதால் அதனை நம்பலாம் என்பது என் கருத்து.

முன்னறிவிப்பை எப்போது செய்வது? நீட் தேர்வின் அறிவிப்பு ஏட்டில் உடை விதிகளைக் கூறுமிடத்தில் ஒரு வாக்கியம் உண்டு. மருத்துவக் காரணத்தால் விதியிலிருந்து விலக வேண்டியவர், நுழைவுச் சீட்டு வெளியிடப்படுவதற்கு முன்னரே தேர்வு முகமையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் கருத்து. இதனைப் பலர் கவனிப்பதில்லை. நுழைவுச் சீட்டு கிடைத்து, தேர்வு நிலையம் எதுவெனத் தெரிந்தபின் எழுதலாமென்று காத்திருப்போர் காலம் கடந்து எழுதியவராகின்றனர். விண்ணப்பித்த அன்றே மருத்துவர் சான்றிதழோடு முகமைக்கு எழுதுவதே முறை.

விண்ணப்பப் படிவத்தில் 'மாற்றுத்திறனாளியா?' என்னும் வினா இருக்கும். அதற்கு விடையளித்தால் போதும் என்று எண்ணுவது தவறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் கூறப்பட்டுள்ளன. கேட்புத்திறன் குறைவு அவற்றுள் ஒன்று. ஆயினும் ஒதுக்கீடு முதலிய சலுகைகளுக்கு 40 விழுக்காட்டுக் குறைபாடேனும் இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த அளவுடையோரும் செவித்துணைக் கருவி அணிகின்றனர். நீரிழிவோ அப்பட்டியலில் இடம்பெறவேயில்லை. எனவே பம்பு அணிந்த மாணவி அவ்வினாவுக்கு 'இல்லை' என்றே விடையளிக்க வேண்டியவளாகிறாள். அவள் கருவியைப் பற்றிச் சொல்ல அப்படிவத்தில் இடமே இராமற் போகலாம். சலுகை கேட்பது வேறு. கருவியை அறிவிப்பது வேறு. பின்னதற்குத் தனிக்கடிதமே வழி.

ஒப்புதல் வந்தபின் அதன் படிகள் மூன்றினை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தேர்வுக்கு முன்னரே நிலையக் கண்காணிப்பாளரிடம் சேர்ப்பித்தால், அவர் வாயிலில் உள்ளோருக்கும் அறைக் கண்காணிப்பாளருக்கும் சொல்லிவைப்பார். மற்றொன்று வாயிலில் காட்டுவதற்கு. மூன்றாவது அறையில் கொடுப்பதற்கு. தேர்வு நாளன்று உலோகங்காட்டி தம்மை நெருங்குவதற்கு முன்னரே, கருவி இருக்கும் இடத்தை வாயால் சொல்லிக் கடிதத்தைக் காட்ட வேண்டும். ஒலித்தபின் சொல்லப்படும் செய்தி சாக்குப்போக்குப்போல் தோன்றும். ஒலிக்காமல் தப்பிவிட்டதே என்று பேசாமல் உள்ளே செல்வது அதனினும் தீது. தேர்வின் நடுவே காதில் ஏதோ இருப்பதை ஒருவர் கண்டால், அது மறைத்துக் கொணரப்பட்டதாகவே கருதப்படும்.

இவ்வளவும் செய்தும் வாயிலில் மறுக்கப்படுதல் உண்டு. காவலரோடு வாதிடுவதால் நேரந்தான் கழியும். விலக்களிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. நிலையக் கண்காணிப்பாளரை அழைக்குமாறு கேட்க வேண்டும். அவர் வந்து கடிதத்தைப் பார்த்து முடிவு சொல்ல அரைமணியேனும் ஆகலாம் என்பதால், வாயில் அடைக்கப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னரே வந்து நிற்க வேண்டும். பம்பு அணிந்த மாணவி இன்னும் ஓர் ஏற்பாடும் செய்துகொள்ளலாம். அவளுடைய பம்பைக் கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் எந்த நேரத்தில், எவ்வளவு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மருத்துவரிடம் சில வாரங்களுக்கு முன்னரே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அவ்வூசியும் மருந்தும் வாயிலுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோரின் பையில், வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும்.